எழுத்து மாற்றுப் புதிர்: குறைந்த இடமாற்றத்தில் முடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலைந்து கிடக்கும் எழுத்துகளை இரண்டிரண்டாக இடம் மாற்றி, குறுக்கிலும் நெடுக்கிலும் சொற்கள் வரச் செய்யும் புதிரைப் பற்றி நண்பர்கள் பலர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. சொற்களைக் கண்டுபிடிப்பதில் பெரும்பாலோருக்குச் சிக்கல் இல்லை. கண்டுபிடித்த பிறகும் ஒன்றிரண்டு மாற்றம் கூடுதலாகச் செலவாவதுதான் எல்லோரையும் உறுத்துகிறது. அதனால் பதில்களில் பாதிக்கு மேல் அந்த இடத்தைச் சுற்றியே இருக்கும்.

இதில் எழுத்தை நகர்த்த வேண்டுமா, மாற்ற வேண்டுமா? விதி என்ன?

மாற்ற வேண்டும். ஏதாவது இரண்டு கட்டங்களைத் தேர்ந்தெடுத்தால், அவற்றிலுள்ள எழுத்துகள் ஒன்றின் இடத்துக்கு மற்றொன்று போகும். பக்கத்துக் கட்டமாக இருக்க வேண்டியதில்லை. பலகையின் இந்த மூலையையும் அந்த மூலையையும் கூட மாற்றலாம். எவ்வளவு தூரமாக இருந்தாலும் அது ஒரு மாற்றம்தான். புதிய எழுத்து எதுவும் வராது, இருப்பது எதுவும் போகாது.

2022இல் இணையத்தில் வந்த வாஃபிள் என்ற ஆங்கில விளையாட்டுதான் இந்த வகையைப் பலருக்கு அறிமுகம் செய்தது. அதில் 5க்கு 5 பலகையில் 4 கட்டங்கள் ஓட்டையாக இருக்கும். மீதி 21 கட்டங்களில் குறுக்கே 3 சொல், நெடுக்கே 3 சொல். உங்களுக்கு 15 மாற்றங்கள் தரப்படும், ஆனால் 10 மாற்றத்திலேயே முடிக்க முடியும். மிச்சமாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நட்சத்திரம். அந்த ஐந்து நட்சத்திரத்தையும் எடுப்பதுதான் இந்தப் பக்கத்தின் கவலை.

தமிழில் ஆடும்போது ‘கை’ ஒரு கட்டமா, இரண்டு கட்டமா?

ஒரு கட்டம். உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எதுவாக இருந்தாலும் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். ‘வாழ்க்கை’ என்றால் வா, ழ், க், கை என்று நான்கு. ‘கை’யிலிருந்து ஐகாரத்தை மட்டும் பிரித்து வேறு கட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது.

நிறங்களை எப்படிப் படிப்பது? மூலையில் மஞ்சள் வந்தால் குழப்பமாக இருக்கிறதே?

பச்சை என்றால் எழுத்து சரியான இடத்தில் இருக்கிறது. மஞ்சள் என்றால் அந்தக் கட்டம் இருக்கும் சொல்லில் அந்த எழுத்து உண்டு, ஆனால் இந்தக் கட்டத்தில் இல்லை. சாம்பல் என்றால் அந்தச் சொல்லிலேயே அது இல்லை. வேறு எங்கோ போக வேண்டும்.

குறுக்கும் நெடுக்கும் சந்திக்கும் கட்டம் இரண்டு சொற்களுக்குப் பொது. அங்கே மஞ்சள் வந்தால், அந்த எழுத்து இரண்டில் எந்தச் சொல்லுக்கு உரியது என்று தெரியாது. சாம்பல் வந்தாலோ இரண்டிலும் இல்லை என்று உறுதியாகிவிடும். ஆகவே சந்திப்புக் கட்டத்தில் சாம்பல்தான் அதிகம் சொல்லும் நிறம். பலர் மஞ்சளை மட்டும் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒரு பலகையை எடுத்துக் காட்டி விளக்க முடியுமா?

சரி, சின்னதாக ஒன்று. நான்குக்கு நான்கு, நடுவில் நான்கு கட்டம் காலி. ஆக 12 கட்டம், 4 சொல்.

```
வா   க்   ப்   ழ்
வ              வ
ய்             பு
ரு   ச    கை   ம்
```

கட்டங்களுக்கு எண் கொடுத்துக்கொள்வோம். மேல் வரிசை 1 முதல் 4, அடுத்த வரிசையில் இடது 5, வலது 6, அதற்குக் கீழே இடது 7, வலது 8, கடைசி வரிசை 9 முதல் 12. இதில் 1 (வா), 3 (ப்), 12 (ம்) மூன்றும் பச்சை. 6இல் உள்ள வ, 8இல் உள்ள பு, 10இல் உள்ள ச, 11இல் உள்ள கை நான்கும் மஞ்சள். மற்றவை சாம்பல்.

மேல் வரிசை: வா, ஏதோ ஒன்று, ப், ஏதோ ஒன்று. தமிழில் ப் என்ற மெய்க்குப் பின்னால் ப வரிசை எழுத்துதான் வரும். இருக்கும் எழுத்துகளில் ப வரிசை என்று பார்த்தால் பு ஒன்றுதான். எனவே 4ஆம் கட்டம் பு. அப்படியானால் மேலே ‘வாய்ப்பு’. வலது நெடுக்கு பு என்று தொடங்கி ம் என்று முடிகிறது, அதில் வ உண்டு, ஆனால் 6இல் அல்ல. அப்போது வ இருப்பது 8இல்: ‘புருவம்’. கீழ் வரிசையில் ச, கை இரண்டும் உண்டு. ச 10இல் இல்லை, கை 11இல் இல்லை. இடது நெடுக்குக்கு வா என்ற தொடக்கத்தோடு ழ், க் மீதமிருக்கின்றன, அது ‘வாழ்க்கை’. கீழே ‘கைவசம்’. முடிந்த பலகை இது:

```
வா   ய்   ப்   பு
ழ்             ரு
க்             வ
கை   வ    ச    ம்
```

ப் பற்றிச் சொன்ன அந்த விதியை எப்போதும் நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். க், ச், த், ப் நான்கும் தம்முடைய வரிசையோடு மட்டுமே சேரும் என்பது பழைய இலக்கண விதி. ட், ற் இரண்டுக்கும் அப்படி இல்லை. ‘வெட்கம்’, ‘கற்பனை’ போல வேறு வல்லினமும் பின்னால் வரும். ‘பக்தி’, ‘சப்தம்’ மாதிரி வடசொற்கள் க், ப் விதியை மீறும். புதிரில் அப்படிப்பட்ட சொற்கள் இடம்பெறுகின்றனவா என்று இரண்டு மூன்று பலகை ஆடினாலே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கைகொடுக்கும். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. மேல் வரிசையிலும் இடது ஓரத்திலும், சொல் தொடங்கும் கட்டங்களில் புள்ளி எழுத்து இருந்தால் அது கண்டிப்பாகத் தவறான இடம். மேலே 4ஆம் கட்டத்தில் இருந்த ழ் அப்படித்தான்.

எனக்கு ஒரு சொல் தெரிந்ததும் உடனே மாற்றத் தொடங்கிவிடுகிறேன். அது தப்பா?

புதிரை முடிப்பதற்குத் தப்பில்லை. குறைந்த மாற்றத்தில் முடிக்க வேண்டுமென்றால் தப்பு. எல்லாச் சொற்களையும் கண்டுபிடித்து, முடிந்த பலகையைத் தாளில் எழுதிய பிறகுதான் முதல் மாற்றத்தைச் செய்ய வேண்டும். யோசிப்பதற்கு மாற்றம் செலவாகாது.

காரணம் இதுதான்: ஒரே எழுத்து இரண்டு இருக்கும்போது, எந்த ஒன்றை எங்கே அனுப்புவது என்பது முழுப் பலகையையும் பார்த்துத்தான் தெரியும். ஒரு சொல்லை மட்டும் பார்த்து அதை முடிவுசெய்ய முடியாது. என் ஆரம்ப நாட்களில் 11இல் முடித்த பலகைகள் எல்லாவற்றையும் பிறகு திருப்பிப் பார்த்தேன். சொற்கள் எல்லாம் தெரிவதற்கு முன்பே அவசரமாகச் செய்த ஒரு மாற்றம் ஒவ்வொன்றிலும் இருந்தது.

குறைந்தபட்சம் எத்தனை மாற்றம் தேவை என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

முடியும், தாளும் பேனாவும் போதும். தவறாக இருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘இப்போது இருப்பது → இருக்க வேண்டியது’ என்று எழுதுங்கள். நம் பலகையில் பச்சை மூன்று போக 9 கட்டங்கள் தவறு. 2ஆம் கட்டம்: க் → ய். 4: ழ் → பு. 5: வ → ழ். 6: வ → ரு. 7: ய் → க். 8: பு → வ. 9: ரு → கை. 10: ச → வ. 11: கை → ச.

இப்போது இவற்றைச் சங்கிலியாகக் கோத்துப் பாருங்கள். அம்பு போய் நிற்கும் எழுத்தில் தொடங்கும் அடுத்த அம்பை எடுக்க வேண்டும், தொடங்கிய எழுத்துக்கே வந்தால் வளையம் மூடிவிடும். க் → ய் → க் ஒரு வளையம், 2 கட்டம். வ → ழ் → பு → வ இரண்டாவது, 3 கட்டம். வ → ரு → கை → ச → வ மூன்றாவது, 4 கட்டம். தவறான கட்டங்கள் 9, வளையங்கள் 3. ஒன்பதிலிருந்து மூன்றைக் கழித்தால் 6. இந்தப் பலகைக்கு 6 மாற்றம் போதும்.

இதையே தலைகீழாகவும் பயன்படுத்தலாம். 10 மாற்றத்தில் முடியும் என்று புதிரே சொல்லிவிட்டால், தவறான கட்டங்களின் எண்ணிக்கையிலிருந்து 10ஐக் கழியுங்கள். அத்தனை வளையங்கள் உங்கள் தாளில் வந்திருக்க வேண்டும். 21 கட்டத்தில் 5 பச்சை என்றால் தவறானவை 16, வளையம் 6. உங்களுக்கு 5தான் கிடைத்தது என்றால் எங்கோ இரட்டை எழுத்தைத் தவறாகக் கோத்திருக்கிறீர்கள்.

ஏன் அதற்குக் கீழே போகவே முடியாது? இன்னும் சாமர்த்தியமாக ஒரு வழி இருக்காதா?

இருக்காது. முடிந்த பலகையில் ஒவ்வொரு எழுத்தும் தன் இடத்தில் தனியாக நிற்கிறது, அதாவது 9 கட்டமும் 9 தனி வளையம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மாற்றம் செய்யும்போது நடப்பது இரண்டில் ஒன்றுதான். ஒரே வளையத்தின் இரு கட்டங்களை மாற்றினால் அந்த வளையம் இரண்டாக அறுபடும். வேறு வேறு வளையங்களின் கட்டங்களை மாற்றினால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். எப்படிப் பார்த்தாலும் ஒரு மாற்றத்தில் ஒரு வளையத்துக்கு மேல் கூடாது. 3இலிருந்து 9க்குப் போக 6 மாற்றம் கட்டாயம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரட்டை எழுத்துகளை அதிக வளையம் கிடைக்கும்படி கோத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே வருகிறேன்.

சரி, வளையம் தெரிந்துவிட்டது. அந்த 6 மாற்றங்களைச் செய்துகாட்டுங்கள்.

முதல் வளையம்: 2ஐயும் 7ஐயும் மாற்றினால் ய், க் இரண்டும் வீடு சேரும். இரண்டாவது: 4ஐயும் 8ஐயும் மாற்றினால் பு தன் இடத்துக்குப் போகும், ழ் 8க்கு வரும். பிறகு 8ஐயும் 5ஐயும் மாற்றினால் வ, ழ் இரண்டும் சரி. மூன்றாவது: 6ஐயும் 9ஐயும் மாற்றினால் ரு சரியாகும். அடுத்து 9ஐயும் 11ஐயும் மாற்றினால் கை சரியாகும். கடைசியாக 11ஐயும் 10ஐயும் மாற்றினால் ச, வ இரண்டும் சரி. ஒன்று, இரண்டு, மூன்று என்று மொத்தம் 6.

ஒவ்வொரு வளையத்தின் கடைசி மாற்றம் இரண்டு பச்சை தருகிறது, மற்றவை ஒவ்வொன்று. எந்த வளையத்தை முதலில் எடுப்பது, வளையத்துக்குள் எங்கே தொடங்குவது என்பது உங்கள் விருப்பம். கணக்கு மாறாது.

ஒரே மாற்றத்தில் இரண்டு பச்சை வந்தால்தான் நல்ல மாற்றம் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. இரண்டு பச்சை தரும் மாற்றம் எப்போதும் பாதுகாப்பானது. இரட்டை எழுத்து எத்தனை இருந்தாலும் அதை யோசிக்காமல் செய்யலாம், அதனால் குறைந்தபட்சக் கணக்கு கெடவே கெடாது. நீளமான இரண்டு வளையங்களிலிருந்து அந்த இரண்டு கட்டங்களையும் உருவி எடுத்தாலும், மிச்சம் இருப்பவை ஒன்றாகச் சேர்ந்து ஒரு வளையமாவது ஆகும். முன்பு இரண்டு, இப்போதும் இரண்டு.

ஆனால் ஒரு பச்சை தரும் மாற்றம் மட்டம் என்று நினைப்பது தவறு. மேலே 6 மாற்றங்களில் மூன்று ஒற்றைப் பச்சைதான். இரட்டை எழுத்தே இல்லாத பலகையில், ஓர் எழுத்தை அதன் இடத்தில் வைக்கும் எந்த மாற்றமும் வீணாகாது. இரட்டைப் பச்சைக்காக அலைந்து தேடி நேரம் போக்க வேண்டியதில்லை.

ஒரு பச்சை கூட வராத மாற்றம் வீண்தானே?

இல்லை. நம் நாலு கட்ட வளையத்தையே எடுத்துக்கொள்வோம். 6இல் வ, 11இல் கை இருக்கின்றன. இவ்விரண்டையும் மாற்றினால் 6க்கு கை வரும், 11க்கு வ வரும். இரண்டுமே தவறான இடம், பச்சை ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது 6உம் 9உம் ஒரு ஜோடி, 10உம் 11உம் ஒரு ஜோடி. அடுத்த இரண்டு மாற்றமும் இரட்டைப் பச்சை. மொத்தம் அதே மூன்று. வளையத்தை அறுத்ததா, ஒட்டியதா என்பதுதான் கேள்வி, நிறம் அல்ல.

நடைமுறையில் இந்த வழியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பச்சை வராதபோது செய்தது சரிதானா என்று கண்ணால் சரிபார்க்க முடியாது.

ஒரே எழுத்து இரண்டு இருந்தால் எதை எங்கே அனுப்புவது? எனக்கு இங்கேதான் ஒரு மாற்றம் போகிறது.

நிறையப் பேருக்கு இங்கேதான் போகிறது. நம் பலகையில் வ இரண்டு, ஒன்று 5இல், ஒன்று 6இல். அவை போக வேண்டிய இடங்கள் 8, 10. இப்போது 6இல் உள்ள வ மஞ்சள். அது இருப்பது வலது நெடுக்கில், 8ஆம் கட்டமும் அதே நெடுக்கில். ‘இந்தச் சொல்லின் வ இதுதான், ஒரு கட்டம் கீழே இறக்கினால் போதும்’ என்று 6ஐயும் 8ஐயும் மாற்றத்தான் கை போகும். மாற்றினால் பச்சையும் வரும். மனம் நிறையும்.

ஆனால் கணக்குப் பாருங்கள். அந்த மாற்றத்துக்குப் பிறகு 6இல் பு இருக்கிறது. மீதி அம்புகளைக் கோத்தால்: பு → ரு → கை → ச → வ → ழ் → பு. ஆறு கட்டம் கொண்ட ஒரே நீண்ட வளையம், அதற்கு 5 மாற்றம். க், ய் ஜோடிக்கு 1. ஏற்கெனவே செய்தது 1. ஆக 7. பச்சை வந்த அந்த மாற்றம்தான் இரண்டு வளையங்களாகப் பிரிய வேண்டியதை ஒன்றாக்கிவிட்டது.

எனவே மஞ்சள் நிறம் எழுத்து எந்தச் சொல்லில் இருக்கிறது என்று சொல்கிறதே தவிர, ‘இந்த வ-வைத்தான் அங்கே கொண்டுபோ’ என்று சொல்லவில்லை. இரண்டு வ-வும் ஒன்றுதான், எது எங்கே போனாலும் சொல் அமையும். தாளில் சங்கிலி கோக்கும்போது, தொடங்கிய எழுத்துக்கே திரும்பியதும் அங்கேயே வளையத்தை மூடுங்கள். வ → ழ் → பு → வ என்று வந்ததும் நிறுத்தாமல் ரு-வுக்குத் தொடர்ந்தால், இரண்டு வளையம் ஒன்றாகிவிடும். எழுத்து இரண்டே முறை வரும்போது தேர்வும் இரண்டே. இரண்டுக்கும் சேர்த்து எழுதிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

அப்படியானால் எப்போதும் சின்ன வளையத்தை முதலில் மூடினால் போதுமா?

இரண்டு கட்ட வளையத்துக்குப் போதும், முன்பு சொன்ன காரணத்தால். மூன்று கட்ட வளையத்துக்கு அப்படி உறுதி சொல்ல முடியாது. ஒரு கற்பனைப் பலகை: க, ச, த மூன்றும் இரண்டிரண்டு முறை வருகின்றன. அம்புகள் இப்படி: க → ச → ப → ம → க, ச → த → வ → ர → ச, த → க → ந → ய → த. 12 கட்டம், 3 வளையம், 9 மாற்றம்.

இதே அம்புகளில் க → ச → த → க என்ற சின்ன வளையம் கண்ணில் படும். அதை முதலில் மூடிவிட்டால் மிச்சமுள்ள 9 அம்புகள் ச → ப → ம → க → ந → ய → த → வ → ர → ச என்று ஒரே வளையமாகத்தான் சேரும். மொத்தம் 2 வளையம், 10 மாற்றம். சின்னதைப் பார்த்து ஆசைப்பட்டதற்கு ஒரு மாற்றம் செலவு.

எழுத்துகள் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரலாம் என்று பொதுவாக வைத்துக்கொண்டால், அதிக வளையங்களைக் கண்டுபிடிப்பது கணினியியலில் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது. எல்லாப் பலகைக்கும் பொருந்தும் விரைவான குறுக்குவழி யாரிடமும் இல்லை. ஆனால் நாம் ஆடும் பலகைகள் சிறியவை, எல்லாச் சேர்க்கையையும் பார்த்துவிடலாம்.

ஏற்கெனவே பச்சையாக இருப்பதை நகர்த்தினால் லாபம் வருமா?

வராது. இரட்டை எழுத்து இருந்தாலும் வராது. பச்சையை அப்படியே விட்டுவிட்டு எட்ட முடியாத குறைந்தபட்சம் என்று ஒன்று கிடையாது.

நான் 11இல் முடித்தேன், 10 போதுமாம். எங்கே தவறினேன் என்று கண்டுபிடிக்க முடியுமா?

கூடுதல் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பாருங்கள். இரண்டு வேறு வளையங்களைத் தெரியாமல் ஒட்டிவிட்டால், செய்த மாற்றம் ஒன்று வீண், அதை மறுபடி அறுக்க இன்னொன்று. ஆக 2 போகும். இரட்டை எழுத்தே இல்லாத பலகையில் கூடுதல் எப்போதும் 2, 4 என்றுதான் வரும், 1 வரவே வராது.

எனவே சரியாக ஒன்று கூடியிருந்தால் இரட்டை எழுத்தில்தான் தவறியிருக்கிறீர்கள். வேறு எங்கும் தேட வேண்டாம். இரண்டு கூடியிருந்தால், ஊகத்தில் ஓர் எழுத்தைத் தவறான இடத்தில் வைத்துப் பிறகு எடுத்திருக்கலாம், அல்லது இரட்டை எழுத்தில் இரண்டு முறை தவறியிருக்கலாம். எந்த மாற்றத்தில் பச்சை வரவில்லை என்று நினைவிருந்தால் முதல் காரணம் உடனே தெரிந்துவிடும்.

எல்லாச் சொல்லும் சரியாக வந்தும் புதிர் ஏற்கவில்லை. எப்படி?

குறுக்கில் வர வேண்டியதை நெடுக்கில் அமைத்திருப்பீர்கள். எந்தப் பலகையையும் மூலைவிட்டத்தில் திருப்பிப் போட்டால் அதே எழுத்துகள், அதே சொற்கள் கொண்ட இன்னொரு பலகை வரும். நம்முடையதில் மேலே ‘வாழ்க்கை’, இடது நெடுக்கில் ‘வாய்ப்பு’ என்று வைத்தாலும் நான்கு சொல்லும் சரிதான். அந்த இரட்டையை விலக்குவது 3ஆம் கட்டத்தில் பச்சையாக இருக்கும் ப். மூலைவிட்டத்துக்கு வெளியே ஒரு பச்சை இருந்தால் அதை முதலில் பார்த்துத் திசையை முடிவுசெய்யுங்கள்.

நிறமே இல்லாத, தாளில் அச்சான புதிர் என்றால் இரண்டு அமைப்புக்கும் வளையம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பலகையைத் திருப்பிய அமைப்புக்கு எண்ணினேன்: அதிலும் தவறான கட்டம் 9, ஆனால் வளையம் 2தான், 7 மாற்றம் ஆகிறது. பதவி, தகடு, விடுதி மூன்றையும் அடுக்கினால் வரும் 3க்கு 3 சதுரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் குறுக்கும் நெடுக்கும் ஒரே சொற்கள், திருப்பினாலும் அதேதான். பதிலுக்கு த, வி, டு மூன்றும் இரட்டை ஆகிவிடுகின்றன.

ஆங்கிலத்தைவிடத் தமிழில் இது எளிதா?

மாற்றங்களை எண்ணும் பகுதி எளிது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, 21 கட்டம், எனவே E, A, R போன்றவை மூன்று நான்கு முறை வரும். தமிழில் 247 எழுத்து இருப்பதால் இரட்டை குறைவு, பல பலகைகளில் ஒன்றிரண்டு ஜோடிதான் இருக்கும். மீண்டும் வருபவை பெரும்பாலும் க், த், ம், ன் போன்ற மெய்கள். அவற்றை மட்டும் முதலிலேயே வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

நான் எண்ணியது சரியா என்று கணினியில் சரிபார்க்கலாமா?

சின்ன நிரல் ஒன்று போதும். முதல் தவறான கட்டத்தை எடுத்து, அங்கே வர வேண்டிய எழுத்து எந்தெந்த இடத்தில் இருக்கிறதோ ஒவ்வொன்றையும் கொண்டுவந்து பார்த்து, குறைவானதை வைத்துக்கொள்கிறது.

```python
def swaps(now, goal):
    now = list(now)
    for i in range(len(now)):
        if now[i] != goal[i]:
            best = None
            for j in range(i + 1, len(now)):
                if now[j] == goal[i] and now[j] != goal[j]:
                    now[i], now[j] = now[j], now[i]
                    n = 1 + swaps(now, goal)
                    now[i], now[j] = now[j], now[i]
                    if best is None or n < best:
                        best = n
            return best
    return 0

a = "வா க் ப் ழ் வ வ ய் பு ரு ச கை ம்".split()
b = "வா ய் ப் பு ழ் ரு க் வ கை வ ச ம்".split()
print(swaps(a, b))
```

விடை 6 வரும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு `split()` செய்திருப்பதைக் கவனியுங்கள். இடைவெளி இல்லாமல் சொல்லை அப்படியே கொடுத்தால், கணினி ‘கை’யைக் க என்றும் ஐகாரக் குறி என்றும் இரண்டாகப் பிரித்துவிடும், எண்ணிக்கை தாறுமாறாகும். ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு விதமாகப் பதிவாகலாம், அப்போது இரண்டும் வேறு எழுத்து என்று நிரல் நினைக்கும். ஒரு பலகைக்கு விடையாக `None` வந்தாலோ பிழை காட்டினாலோ முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அடுத்ததாக, தட்டச்சில் ஏதாவது ஓர் எழுத்து விடுபட்டதா என்று பாருங்கள்.